ஸ்பாஞ்ச் காற்றைத் தடுக்கும், அழுத்தத்தைத் தடுக்காது

உயரத்தைத் தானே பிடித்து நிற்கும் ஆல்டிடியூட் ஹோல்ட் மோடில் விட்ட ட்ரோன், யாரும் ஸ்டிக்கைத் தொடாதபோதே மேலே போய்க் கீழே வருவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் நான்கு மோட்டார் ட்ரோன், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில், சுமார் மூன்று விநாடிக்கு ஒருமுறை அப்படி ஏறி இறங்கியது. கிணற்று வாளி தண்ணீரில் மிதப்பதுபோல மெதுவான, சீரான அசைவு. காற்றே இல்லாத விடிகாலையிலும் அதே அசைவு இருந்ததால் காற்றைக் குறை சொல்ல வழியில்லை. உயரத்தைச் சொல்லும் பாரோமீட்டர்மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். என் ட்ரோனுக்கு அது மட்டும் ஏன் போதவில்லை என்பதுதான் இந்தக் கதை.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். ட்யூனிங் சரியில்லை என்று நினைத்து, உயரக் கட்டுப்பாட்டு எண்களான `PSC_ACCZ_P`, `PSC_VELZ_P` இரண்டையும் குறைத்துப் பார்த்தேன். அசைவின் வேகம் குறைந்தது, அளவு குறையவில்லை. இரண்டு வாரம் இதிலேயே போனது. அப்புறம்தான் ட்ரோனை ஓட்டும் சிறு கணினியான ஃப்ளைட் கன்ட்ரோலர் எழுதிவைக்கும் பறப்புப் பதிவை, அதாவது லாகை, திறந்து பார்த்தேன். அதில் இருந்தது என்னை உண்மையிலேயே திகைக்க வைத்தது. ட்ரோன் அசையவே இல்லை என்றது லாக்.

கன்ட்ரோலரில் ஓடும் மென்பொருளான ஆர்டுபைலட்டின் லாகில் `CTUN.DAlt` என்பது ட்ரோன் இருக்க வேண்டிய உயரம். `CTUN.Alt` என்பது தான் இருப்பதாக அது நம்பும் உயரம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, பத்து சென்டிமீட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரிந்த அசைவு அந்தக் கோட்டில் இல்லை. ஆனால் த்ராட்டிலைக் காட்டும் `CTUN.ThO` மட்டும் மூன்று விநாடி அலையாக ஏறி இறங்கியது. என் கண்ணை நம்புவதா, லாகை நம்புவதா என்று தீர்க்க ஒரு கழியில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு வண்ண டேப் ஒட்டி, ட்ரோனுக்குப் பின்னால் நட்டு, போனை ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுத்தேன். ட்ரோன் நடு உயரத்திலிருந்து மேலே நாற்பது, கீழே நாற்பது சென்டிமீட்டர் போய்வந்தது.

இந்த ஒரு ஒப்பீடு பாதி வேலையை முடித்துவிடும். ட்யூனிங் தவறாக இருந்தால் `Alt` கோடும் `DAlt`-ஐச் சுற்றி ஆடும், ஏனென்றால் ட்ரோனுக்குத் தான் ஆடுவது தெரியும், அதை அடக்கத்தான் அதற்குத் தெரியவில்லை. `Alt` அமைதியாக இருந்து ட்ரோன் மட்டும் ஆடினால், கன்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அதற்குக் கிடைக்கும் உயரம்தான் பொய். அந்தப் பொய்யைத் துரத்தித் துரத்தி ட்ரோனை மேலும் கீழும் ஓட்டுகிறது. இந்த நிலையில் எந்த எண்ணை மாற்றினாலும் பொய்யை எவ்வளவு வேகமாகத் துரத்துவது என்பதுதான் மாறும்.

அந்த உயரத்தைத் தரும் பாரோமீட்டர் உயரத்தை அளப்பதில்லை, காற்றழுத்தத்தை அளக்கிறது. கடல் மட்டத்துக்கு அருகில் ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். மொத்த அழுத்தம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாஸ்கல். அதில் ஒரு பாஸ்கல் மாறினால் ட்ரோனுக்கு எட்டரை சென்டிமீட்டர் வித்தியாசம். இவ்வளவு நுணுக்கமான மாற்றத்தைத் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லு கண்டுபிடிப்பது எனக்கு இன்றும் வியப்புதான். சில்லின் சொந்த இரைச்சல் பெரிய பிரச்சினை இல்லை. பரவலாகப் பயன்படும் எம்எஸ்5611, முழுத் துல்லியத்தில் ஓடும்போது பத்து சென்டிமீட்டர் அளவு வித்தியாசத்தைப் பிரித்தறியும். பின்னால் வந்தவை இன்னும் நன்றாகவே அளக்கின்றன. மேசையில் ப்ரொப்பெல்லர் இல்லாமல் வைத்து `BARO.Alt` கோட்டைப் பார்த்தால் இது தெரிந்துவிடும். என் போர்டில் மெல்லிய முடி போன்ற இரைச்சல் மட்டுமே இருந்தது.

அதே நிலையில் வாயால் ஊதிப் பார்த்தேன். கோடு ஒரு மீட்டருக்கும் மேல் குதித்தது.

காரணம் எளிமையானது. ஓடும் காற்று ஒரு பரப்பில் மோதி நின்றால் அங்கே கூடுதல் அழுத்தம் உண்டாகும்.

```
q = 0.5 * rho * v^2      (rho = 1.2 kg/m^3)
```

காற்று விநாடிக்கு 3 மீட்டர் என்றால் சுமார் 5 பாஸ்கல், அதாவது நாற்பத்தைந்து சென்டிமீட்டர் பொய். 5 மீட்டர் என்றால் 15 பாஸ்கல், ஒன்றேகால் மீட்டர். 10 மீட்டர் என்றால் 60 பாஸ்கல், ஐந்து மீட்டர். வேகத்தின் இருமடி வருவதால்தான் இப்படிச் சட்டென்று ஏறுகிறது. மென்மையான காற்றில் ஒழுங்காக நிற்கும் ட்ரோன், காற்று இரட்டிப்பானதும் கட்டுக்கடங்காமல் ஆடுவது இதனால்தான்.

வெளிக்காற்று இல்லாதபோது, ட்ரோன் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. என் ட்ரோனின் எடை 1.2 கிலோ, பத்து அங்குல ப்ரொப்பெல்லர் நான்கு. எடையை ப்ரொப்பெல்லர்கள் துடைக்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ப்ரொப்பெல்லர் சுழலும் வட்டத்தட்டுக்கு மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசம் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது சுமார் 58 பாஸ்கல். அந்தரத்தில் நிற்கும் ட்ரோனில் இதில் கால் பங்கு தட்டுக்குச் சற்று மேலே குறைவழுத்தமாகவும், முக்கால் பங்கு சற்றுக் கீழே மிகையழுத்தமாகவும் பிரியும். ஆக, ஒரே ட்ரோனில் ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே சென்சாரை வைத்தால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரமாகக் காட்டும், நேர் கீழே வைத்தால் மூன்றரை மீட்டர் தாழ்வாகக் காட்டும். ஃப்ளைட் கன்ட்ரோலர் நடுவில் உட்காருவதால் இதில் ஒரு சிறு பங்குதான் அதற்கு வந்து சேரும். ஆனால் அந்தச் சிறு பங்கும் சில பத்து சென்டிமீட்டர்.

அந்தப் பிழை மாறாமல் நின்றால் தொல்லையே இல்லை. எப்போதும் அரை மீட்டர் தாழ்வாகக் காட்டும் சென்சாரை வைத்துக்கொண்டு ட்ரோன் அசையாமல் நிற்கும். சிக்கல் எங்கே என்றால், இந்தப் பிழை த்ராட்டிலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. சென்சார் மிகையழுத்தப் பகுதியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ட்ரோன் சற்றுத் தாழ்கிறது. கன்ட்ரோலர் த்ராட்டிலைக் கூட்டுகிறது. ட்ரோன் உண்மையில் ஏறத் தொடங்குமுன் ப்ரொப்பெல்லர் காற்று வலுத்து, சென்சார்மேல் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் உயரம் குறைந்துவிட்டது என்று பொருள். "இன்னும் தாழ்கிறோம்" என்று நினைத்துக் கன்ட்ரோலர் மேலும் கூட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் உண்மையான ஏற்றம் பொய்யை முந்துகிறது. இப்போது வேகம் அதிகம், த்ராட்டில் குறைகிறது. உடனே அழுத்தமும் குறைய, "இன்னும் ஏறுகிறோம்" என்கிறது சென்சார், மறுபடி குறைப்பு. முதல் கணத்தில் எதிர்த்திசையைக் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு எதையும் நிதானமாக ஓட்ட முடியாது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் வண்டி முதலில் இடப்பக்கம் சாய்ந்து அப்புறம்தான் வலப்பக்கம் போகும் என்றால் எப்படி ஓட்டுவோம்? அதே நிலைமைதான்.

கன்ட்ரோலர் பாரோமீட்டரை மட்டும் நம்பி ஓடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேகமான அசைவுகளை ஆக்ஸிலரோமீட்டரிலிருந்தும், மெதுவான மாற்றங்களைப் பாரோமீட்டரிலிருந்தும் எடுத்து இரண்டையும் கலக்கிறது. அதனால் நொடியில் பலமுறை துடிக்கும் அழுத்த இரைச்சல் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும். இரண்டு மூன்று விநாடி நீளமுள்ள பொய்தான் வடிகட்டியைத் தாண்டி உள்ளே வருகிறது. என் ட்ரோன் மூன்று விநாடிக்கு ஒருமுறை ஆடியதும் அந்த இடைவெளியில்தான். `EK3_ALT_M_NSE` எண்ணை உயர்த்தினால் பாரோமீட்டர்மேல் உள்ள நம்பிக்கை குறையும், அசைவும் கொஞ்சம் அடங்கும். ஆனால் அந்தச் சுமை ஆக்ஸிலரோமீட்டர்மேல் விழும். மோட்டார் அதிர்வு அதிகமான ட்ரோனில் அப்படிச் செய்தால் அசைவுக்குப் பதில் மெதுவான நழுவல் வரும். அதை நான் மருந்தாக எண்ணவில்லை.

சரி, ஸ்பாஞ்சுக்கு வருவோம். "பாரோமீட்டர்மேல் ஸ்பாஞ்ச் வை" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. நல்ல அறிவுரைதான். ஆனால் ஸ்பாஞ்ச் என்ன செய்கிறது என்று பலர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்: அது அழுத்த மாற்றத்தைத் தாமதப்படுத்தி மென்மையாக்குகிறது என்று. அப்படி இல்லை. சென்சாருக்கு மேல் இருக்கும் சிறு இடத்தை நிரப்ப மிகச் சொற்பக் காற்று போதும். அது ஸ்பாஞ்சின் துளைகள் வழியே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் போய்விடும். கன்ட்ரோலரின் கணக்கில் அது தாமதமே இல்லை. ஸ்பாஞ்ச் செய்வது இரண்டு வேலைகள். காற்றின் ஓட்டத்தைத் தன் துளைகளுக்குள் சிக்கவைத்து நிறுத்துகிறது, அதனால் காற்று நேராகச் சென்சாரின் வாயில் மோதுவதும் அதன்மேல் உரசி உறிஞ்சுவதும் நிற்கின்றன. அடுத்து, ஒரே புள்ளியின் அழுத்தத்துக்குப் பதில் தன் பரப்பு முழுவதும் உள்ள அழுத்தங்களின் சராசரியை உள்ளே அனுப்புகிறது. சுழல்காற்றில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும்.

ஆனால் ஃப்ளைட் கன்ட்ரோலர் இருக்கும் பெட்டி முழுவதுமே மிகையழுத்தத்தில் இருந்தால்? அந்த அழுத்தம் ஸ்பாஞ்சின் வழியாக அப்படியே உள்ளே வரும். வரத்தான் வேண்டும், இல்லாவிட்டால் உயரத்தையும் அளக்க முடியாது. ஸ்பாஞ்சுக்கு ப்ரொப்பெல்லர் தந்த அழுத்தம் எது, உயரம் தந்த அழுத்தம் எது என்று தெரியாது.

என் ட்ரோனில் நடந்தது இதுதான். முதலில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சென்சார்மேல் வைத்தேன். பாரோமீட்டர் சொல்லும் உயரமான `CTUN.BAlt` கோட்டின் முள்முள்ளான இரைச்சல் அழகாக அடங்கியது. கழியும் வீடியோவும் சொன்னது வேறு: அசைவு நாற்பதிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குத்தான் இறங்கியிருந்தது. கோடு சுத்தமாகிவிட்டதைப் பார்த்து அங்கேயே நிறுத்தியிருந்தால் பிழை உள்ளேயே இருந்திருக்கும்.

அடுத்து இரண்டு சோதனைகள் செய்தேன். முதலாவது, அதே ட்ரோனை ஒரு மீட்டரிலும் நாலு மீட்டரிலும் நிறுத்திப் பார்ப்பது. நாலு மீட்டரில் அசைவு பாதிக்கும் கீழே குறைந்தது. இரண்டாவது, த்ராட்டில் நேராக நம் கையில் இருக்கும் ஸ்டெபிலைஸ் மோடில் ஐந்து மீட்டர் உயரத்திலும், அப்புறம் தாழ்வாகவும் த்ராட்டிலை ஒரு கணம் சடாரென்று கூட்டிவிட்டு, லாகில் `ThO`-வையும் `BAlt`-ஐயும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. ட்ரோன் ஏறுகிறது என்பது உறுதி. `BAlt` முதலில் கொஞ்சம் கீழே இறங்கி, பிறகு ஏறினால் சென்சார் மிகையழுத்தத்தில் இருக்கிறது. உடனே தேவைக்கு மேல் துள்ளினால் குறைவழுத்தத்தில் இருக்கிறது. என் கோட்டில் இறக்கம் தெளிவாகத் தெரிந்தது. தரைக்குப் பக்கத்தில் அது இன்னும் ஆழமாக இருந்தது.

தரைக்கு அருகில் ஏன் மோசம் என்றால், நான்கு ப்ரொப்பெல்லரின் காற்றும் தரையில் மோதிப் பரவும்போது, நடுவில் சந்திக்கும் பகுதிக்குப் போக இடமில்லாமல் ஊற்றுபோல மேலே எழுகிறது. அந்த ஊற்று நேராக ட்ரோனின் வயிற்றில் மோதும். என் ட்ரோனின் அடித்தட்டிலும் மேல்தட்டிலும் எடை குறைக்கத் துளைகள் இருந்தன. மேல்தட்டில் ஃப்ளைட் கன்ட்ரோலர், அதன்மேல் குவிந்த மூடி. ஊற்றுக்காற்று துளைகள் வழியே ஏறி மூடிக்குள் நிரம்பி, மூடி முழுவதையும் ஒரு சிறு அழுத்தப் பாத்திரமாக்கியிருந்தது. ஸ்பாஞ்ச் அந்தப் பாத்திரத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அதனால் அது எதையும் தடுக்கவில்லை.

செய்ய வேண்டியது ஸ்பாஞ்சில் இல்லை, தட்டில்தான். கன்ட்ரோலருக்குக் கீழே இருந்த துளைகளை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் மூடினேன். வயர் நுழையும் இடங்களைச் சுற்றியும் அடைத்தேன். மூடியின் நான்கு பக்கத்திலும் ஒரே அளவில் மூன்று மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். ஒரே ஒரு துளை போட்டால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதைப் பொறுத்து உள்ளே அழுத்தம் ஏறும், இறங்கும். நான்கு பக்கமும் இருந்தால் ஒரு பக்கத்து மோதலை மற்ற பக்கத்து உறிஞ்சல் ஓரளவு ஈடுசெய்யும். ஸ்பாஞ்ச் அதே இடத்தில் இருந்தது. ஒரு மீட்டர் உயரத்தில் அசைவு பத்து சென்டிமீட்டருக்குள் வந்தது, அதுவும் மூன்று விநாடி ஒழுங்கில் இல்லாமல், அவ்வப்போது. பழைய `PSC` எண்களையும் திருப்பி வைத்துவிட்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூடியை அடைக்கும்போது சிலர் முழுவதுமாக அடைத்துவிடுவார்கள், காற்றே நுழையாத அளவுக்கு. அது மிகப் பெரிய தவறு. அடைபட்ட காற்று ஒரு டிகிரி சூடானால் அதன் அழுத்தம் சுமார் 340 பாஸ்கல் ஏறும். உயரத்தில் அது இருபத்தெட்டு மீட்டர். கன்ட்ரோலர் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் பல டிகிரி சூடாகும். நடைமுறையில் எங்காவது கசியும் என்பதால் முழு எண் வராது, ஆனால் விட்டுவிட்டு வரும் கசிவு கூடுதல் குழப்பம்தான்.

தவறான ஸ்பாஞ்சிலும் இதே ஆபத்து சிறிய அளவில் இருக்கிறது. பொருள் கட்டி வரும் மெல்லிய வெள்ளை ஷீட், யோகா பாய் போன்றவை மூடிய அறைகள் கொண்டவை. அவற்றில் ஒவ்வொரு குமிழும் தனித்தனியாக மூடியிருக்கும், காற்று ஊடுருவாது. அதைச் சென்சார்மேல் அழுத்தி ஒட்டினால் கீழே ஒரு துளி காற்று சிறைப்பட்டு, சூட்டுக்கும் அதிர்வுக்கும் ஏற்ப வீங்கிச் சுருங்கும். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு சிரமமின்றி மறுபக்கம் வந்தால் அது திறந்த அறை ஸ்பாஞ்ச், அதுதான் வேண்டும். பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சின் மென்மையான பகுதி, மைக்ரோபோன் உறை போன்றவை இந்த வகை. நான் எட்டு மில்லிமீட்டர் தடிமனில், சென்சாரைவிட எல்லாப் பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் அகலமாக வெட்டினேன். ஓரத்தில் மட்டும் இரட்டைப்பக்க டேப். சென்சாரின் துளைக்கு அருகே பசை போகக்கூடாது. மூடி அதன்மேல் லேசாகத் தொட்டால் போதும், நசுக்கக்கூடாது. நசுங்கிய ஸ்பாஞ்சின் துளைகள் அடைபட்டுவிடும்.

நிறமும் முக்கியம். சில பாரோமீட்டர்களின் மேல்பக்கத் துளை வழியே வெளிச்சம் உள்ளிருக்கும் சிலிக்கான்மேல் படும். எம்எஸ்5611 இப்படி வெளிச்சத்துக்கு அசையும் வகை. மேகம் விலகி வெயில் அடித்ததும் ட்ரோன் ஒரே தாவலாக உயரம் மாற்றினால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். மேசையில் டார்ச்சை அடித்து `BARO.Alt` குதிக்கிறதா என்று பார்த்தால் போதும். கறுப்பு ஸ்பாஞ்சால் இது தீர்ந்துவிடும். என் போர்டில் வெளிச்சத்துக்கு எந்த மாற்றமும் இல்லை, ஆனாலும் கறுப்பாகவே வைத்திருக்கிறேன்.

ஸ்பாஞ்ச் சூட்டையும் பிடித்துவைக்கும். சென்சார்கள் வெப்பத்துக்கு ஏற்பத் தங்களைத் திருத்திக்கொள்கின்றன, ஆனால் மிச்சம் கொஞ்சம் இருக்கும். பிஎம்பி280-இல் அந்த மிச்சம் டிகிரிக்கு ஒன்றரை பாஸ்கல், அதாவது சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர். கன்ட்ரோலர் பத்து டிகிரி சூடாகும் நேரத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நழுவ இது போதும். இது அசைவாக வராது, ஒரே திசையில் மெதுவாக நகரும். பாட்டரியை இணைத்துச் சில நிமிடம் சூடாக விட்டு, அப்புறம் ஆர்ம் செய்தால் பெரும்பகுதி போய்விடும். ஆர்ம் செய்யும் கணத்தில்தான் ட்ரோன் தன் பூஜ்ய உயரத்தைக் குறித்துக்கொள்கிறது.

நின்ற இடத்து அசைவு தீர்ந்த பிறகும் எனக்கு ஒன்று மிச்சமிருந்தது. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் முன்னோக்கிப் போகும்போது ட்ரோன் தாழ்ந்தது, பிரேக் போட்டதும் எழும்பியது. மூடியின்மேல் ஓடும் காற்று உள்ளிருந்து உறிஞ்சுகிறது. அழுத்தம் குறைய, உயரம் கூடிவிட்டதாக நினைத்து ட்ரோன் இறங்குகிறது. லேசர் உயரமானி ஒன்றைக் கடன் வாங்கி, சமதரைமேல் ஒரே நேர்கோட்டில் காற்றில்லாத வேளையில் ஓட்டினேன். `CTUN.BAlt`, `CTUN.SAlt` இரண்டையும் ஒப்பிட்டபோது வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர், அதாவது 12 பாஸ்கல். 8 மீட்டர் வேகத்தின் மோதல் அழுத்தம் 38 பாஸ்கல். 12-ஐ 38-ஆல் வகுத்தால் 0.3. உயரம் அதிகமாகக் காட்டுவதால் குறியீடு மைனஸ்.

```
BARO1_WCF_ENABLE  1
BARO1_WCF_FWD    -0.3
```

முதல் எண்ணைப் போட்டுப் பட்டியலை மறுபடி ஏற்றிய பிறகுதான் இரண்டாவது அதில் தெரியும். இந்தத் திருத்தம் ட்ரோன் கணிக்கும் காற்றின் வேகத்தை நம்பி நடப்பது. அதனால் காற்று இழுவைக்கான `EK3_DRAG_BCOEF_X`, `EK3_DRAG_BCOEF_Y` எண்களையும் முதலில் ஒழுங்காக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ட்ரோனுக்குக் காற்றே தெரியாது. பின்னோக்கியும் பக்கவாட்டிலும் தனித்தனி எண்கள் உண்டு. நான் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்தேன். தாழ்வு ஒரு மீட்டரிலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குள் வந்தது. மூடியை மாற்றினாலோ ஒரு துளையை நகர்த்தினாலோ இந்த எண் செல்லாது, மறுபடி அளக்க வேண்டும்.

ஈரப்பதத்தில் பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் சில வருடங்களில் பிசுபிசுத்து உதிரத் தொடங்கும். உதிர்ந்த துகள் சென்சாரின் துளையை அடைக்கும். நான் மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஓரத்தை நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறேன். பள்ளம் உடனே எழும்பவில்லை என்றால் அன்றே மாற்றிவிடுகிறேன்.